விரலில் ஊசி குத்தியதும் கேட்கப்படும் டிஎன்ஏ கேள்விகள்

சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். சேர்வராயன் மலை ஊர்களுக்கு அரிவாள் செல் ரத்தச்சோகை முகாம் போகும்போது குழுவோடு நானும் போவதுண்டு. விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் குழாயில் விட்டால், முடிவு தெரியச் சில நிமிடங்கள் ஆகும். கேள்விகள் வருவது அந்தச் சில நிமிடங்களில்தான். "மரபணு நோய்" என்று நாங்கள் சொல்லிவிடுகிறோம், கேட்பவருக்கு அந்தச் சொல் அந்தரத்தில் தொங்குகிறது. அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். டிஎன்ஏ முழுவதையும் சொல்லப் போவதில்லை. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தைச் செய்யச் சொல்லும் டிஎன்ஏ பகுதிகளில் ஒன்றை, அதாவது ஒரே ஒரு மரபணுவை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை போகலாம்.

டிஎன்ஏங்கறது ரத்தத்துல இருக்கற ஒரு சத்துங்களா?

இல்லைங்க. இரும்புச்சத்து மாதிரி சாப்பிட்டு ஏற்றிக்கொள்ளும் பொருள் இல்லை. உடம்பின் செல்களுக்குள் இருக்கும், நூலைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய ஒரு நீள இழை அது. ஒரே ஒரு செல்லில் உள்ள இழைகளை எல்லாம் முனையோடு முனை சேர்த்து நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு உருண்டைக்குள், அதாவது செல்லின் கருவுக்குள், சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. 46 துண்டுகளாக இருக்கும் அந்த இழைகளுக்குத்தான் குரோமோசோம் என்று பெயர். 23 அப்பாவிடமிருந்து, 23 அம்மாவிடமிருந்து.

இழை ஒற்றை இல்லை, இரட்டை. முறுக்கிய நூலேணி மாதிரி இருக்கும். ஏணியின் படிகளாக நாலு வகை ரசாயனங்கள்: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். சுருக்கமாக A, T, G, C. ஒரு பக்கம் A இருந்தால் எதிரே T மட்டும்தான் பொருந்தும், G இருந்தால் C மட்டும்தான். ஒரு பக்கத்தைப் பிரித்து எடுத்தாலும் மறுபக்கம் என்னவென்று சொல்லிவிடலாம். செல் இரண்டாகப் பிரியும்போது நகல் எடுக்கப்படுவது இப்படித்தான்.

ஒரு வேடிக்கை: சிவப்பணுவில் டிஎன்ஏ கிடையாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகி வெளியே வரும் முன்பே அது தன் கருவைத் துப்பிவிடுகிறது. குழாயில் உள்ள ரத்தத்திலிருந்து நாங்கள் டிஎன்ஏ எடுத்தால், அது வெள்ளையணுக்களிலிருந்து வருவது.

தமிழ்ல 247 எழுத்து இருக்கு. வெறும் நாலு எழுத்தை வச்சு ஒரு உடம்பையே எப்படி எழுத முடியும்?

எழுத்து குறைவாக இருந்தால் சொல்லையும் வாக்கியத்தையும் நீளமாக்கிக் கொள்ள வேண்டியதுதான். மனிதனின் 23 குரோமோசோம் கொண்ட ஒரு தொகுப்பில் மட்டும் சுமார் 300 கோடி எழுத்துகள்.

ஆனால் எழுத்துகளைத் தனித்தனியாகப் படிப்பதில்லை, மூன்று மூன்றாகப் படிக்கிறது செல். அது ஏன் மூன்று? உடம்பு புரதங்களால் ஆனது, புரதங்களோ அமினோ அமிலங்களைக் கோத்த மாலைகள். கோக்கப் பயன்படும் மணிகள் 20 வகை. நாலு எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தால் 4 மணிகளைத்தான் குறிக்க முடியும். இரண்டிரண்டாகப் படித்தால் 16, அப்போதும் நாலு மணிக்குப் பெயர் இல்லாமல் போகும். மூன்று மூன்றாகப் படித்தால் 64 வருகிறது. 20-க்குத் தாராளம். மிச்சம் வீணாகவில்லை, ஒரே மணிக்கு இரண்டு, நாலு, ஆறு பெயர்கள் கூட இருக்கின்றன. மூன்று சொற்கள் மட்டும் எந்த மணியையும் குறிப்பதில்லை. அவை முற்றுப்புள்ளி: "இத்தோடு மாலை முடிந்தது."

அப்படின்னா மூக்கு எப்படி இருக்கணும், கை எவ்வளவு நீளம்ங்கறதெல்லாம் அதுல எங்க எழுதியிருக்கு?

கேட்டவர் தறி வேலை தெரிந்த ஒரு அண்ணா. அவருக்குத் தறியை வைத்தே பதில் சொன்னேன்.

ஜக்கார்டு தறியில் மயில் பார்டர் போடுகிறீர்கள். அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் மயில் தெரியுமா? தெரியாது, ஓட்டைகள்தான் தெரியும். இந்தச் சுற்றில் பாவில் எந்த நூலைத் தூக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பது மட்டும்தான் அட்டையில் இருக்கிறது. அட்டை அட்டையாகத் தறி ஓடி, ஊடை மேல் ஊடை விழுந்த பிறகு சேலையில் மயில் வருகிறது.

டிஎன்ஏவும் அப்படித்தான். அதில் மூக்கின் படம் எங்கும் இல்லை. எந்தப் புரதத்தில் எந்த மணிக்கு அடுத்து எந்த மணி, எந்தச் செல்லில் எப்போது அதைச் செய்ய ஆரம்பிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பவைதான் இருக்கின்றன. அந்தப் புரதங்களில் சில பக்கத்துச் செல்லுக்குத் தகவல் சொல்லும், சில ஒட்டிக்கொள்ளும், சில வளரச் சொல்லும். இத்தனையும் சேர்ந்து ஓடி முடிந்தபோது அங்கே ஒரு மூக்கு இருக்கும்.

இந்த உவமை ஒரு இடத்தில் உதைக்கும், அதையும் அந்த அண்ணாவே சொன்னார்: "அட்டை தறியைச் செய்யாதே, இது தறியையும் சேர்த்துல்ல செய்யுது?" உண்மைதான். டிஎன்ஏவைப் படிக்கும் இயந்திரமும் டிஎன்ஏ சொல்லிச் செய்ததுதான். முதல் தறி அம்மாவின் முட்டைக்குள் தயாராக இருக்கிறது, அதில்தான் ஓட்டம் ஆரம்பிக்கிறது.

பொதுவாச் சொன்னாப் புரியல மேடம். ஒரு மரபணுவை எழுத்து எழுத்தாப் படிச்சுக் காட்டுங்களேன்.

பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் கேட்டது. நல்ல கேள்வி, அதனால் நிதானமாகப் போகலாம்.

ஹீமோகுளோபினில் நாலு மாலைகள் சேர்ந்திருக்கின்றன. ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. பீட்டா மாலைக்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, நீளம் சுமார் 1,600 எழுத்து. அதில் மாலைக்கான எழுத்துகள் தொடங்கும் இடம் இது. படிக்க வசதியாக மூன்று மூன்றாகப் பிரித்திருக்கிறேன், செல்லில் இடைவெளி எதுவும் கிடையாது:

```
ATG GTG CAT CTG ACT CCT GAG GAG AAG TCT
```

எலும்பு மஜ்ஜையில், சிவப்பணுவாகப் போகிற இளம் செல்லில், முதலில் இந்த மரபணுவுக்கு ஒரு நகல் எடுக்கப்படுகிறது. மூலப் பத்திரத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு ஜெராக்ஸை மட்டும் வெளியே அனுப்புகிற மாதிரி. அந்த ஜெராக்ஸ்தான் தூது ஆர்என்ஏ. (அதில் T இருக்க வேண்டிய இடத்தில் U என்ற எழுத்து வரும். இங்கே குழப்பம் வேண்டாம் என்று T-யாகவே எழுதுகிறேன்.)

நகலை அப்படியே பயன்படுத்த முடியாது. நடுவே புரதத்துக்குத் தேவைப்படாத இரண்டு பகுதிகள் இருக்கின்றன. அவற்றை வெட்டி எறிந்துவிட்டு மிச்சமுள்ள மூன்று துண்டுகளை ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு ATG முதல் முற்றுப்புள்ளி வரை சரியாக 444 எழுத்து, அதாவது 148 சொல்.

இது கருவை விட்டு வெளியே வந்ததும் ரைபோசோம் என்ற கோக்கும் இயந்திரம் பிடித்துக்கொள்கிறது. ATG என்றால் "இங்கே ஆரம்பி", கூடவே மெத்தியோனின் என்ற மணி. GTG வேலின். CAT ஹிஸ்டிடின். CTG லூசின். ACT திரியோனின். CCT புரோலின். GAG குளுட்டாமிக் அமிலம். அடுத்தும் GAG, இன்னொரு குளுட்டாமிக் அமிலம். இப்படி 147 மணி கோத்து, 148-ஆவது சொல்லான முற்றுப்புள்ளியில் நின்றுவிடும். முதலில் வந்த மெத்தியோனின் பிறகு கழற்றப்படுகிறது, மிஞ்சுவது 146 மணி.

கோத்து முடிக்கும் முன்பே மாலை தானாகச் சுருண்டு மடியத் தொடங்குகிறது. எப்படி மடிவது என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை விரும்பும் மணிகள் வெளிப்பக்கம் வரும், தண்ணீர் பிடிக்காதவை உள்ளே ஒளியும். மடிந்த பந்தின் நடுவில் இரும்பு உட்கார்ந்து ஆக்சிஜனைப் பிடிக்கும். இப்படிப்பட்ட ஹீமோகுளோபின் ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி.

GAG-ன்னா இந்த அமிலம்னு யாரு கண்டுபிடிச்சாங்க?

1961-இல் அமெரிக்காவில் நிரன்பர்க்கும் மத்தேயும் U என்ற ஒரே எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வரும் ஆர்என்ஏவைச் செய்து, அரைத்த பாக்டீரியாச் சாற்றில் விட்டார்கள். வெளியே வந்த மாலையில் ஒரே வகை மணிதான் இருந்தது. அகராதியின் முதல் சொல் கிடைத்தது. மிச்சச் சொற்களைக் கண்டுபிடித்ததில் பெரிய பங்கு அன்றைய இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவுடையது. எழுத்துகளை வேண்டிய வரிசையில் ரசாயன முறையில் கோத்துக் கொடுத்தவர் அவர். 1968-இல் நிரன்பர்க், ஹோலி ஆகியோரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆயிரத்து அறுநூறு எழுத்துல ஒண்ணே ஒண்ணு மாறினா என்ன பெரிசா ஆகிடப் போகுது?

எந்த எழுத்து, எந்த இடம் என்பதைப் பொறுத்தது. தமிழிலேயே பாருங்கள். "படம்" என்பதில் நடு எழுத்தை மாற்றினால் "பழம்", "பணம்", "பயம்". மூன்றும் ஒழுங்கான சொற்கள்தான், ஆனால் வாக்கியம் என்ன ஆகும்?

மேலே எழுதிய வரியில் முதல் GAG-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் கடைசி எழுத்து மாறி GAA ஆனால் ஒன்றும் ஆகாது. GAA-வும் குளுட்டாமிக் அமிலத்தின் பெயர்தான். எழுத்துப் பிழை இருக்கும், புரதத்தில் பிழை இருக்காது. முதல் எழுத்து மாறி AAG ஆனால் லைசின் என்ற வேறு மணி வரும். அதற்கு ஹீமோகுளோபின் சி என்று பெயர், பெரும்பாலும் லேசான தொந்தரவோடு போய்விடும்.

நடு எழுத்து மாறி GTG ஆகும்போதுதான் சிக்கல்:

```
சாதாரணம்     : ... ACT CCT GAG GAG AAG ...
அரிவாள் செல் : ... ACT CCT GTG GAG AAG ...
```

குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்துவிடுகிறது. குளுட்டாமிக் அமிலம் மின்னூட்டம் உள்ளது, தண்ணீரில் சந்தோஷமாக இருக்கும். வேலின் எண்ணெய் மாதிரி, தண்ணீர் அதற்கு ஆகாது. பந்தின் வெளிப்பக்கத்தில் ஒட்டும் தன்மையுள்ள ஒரு குமிழ் முளைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

ஆக்சிஜன் ஏறியிருக்கும் வரை பிரச்சினை இல்லை. ஆக்சிஜனைத் தசைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஹீமோகுளோபின் சற்று உருமாறும். அப்போது பக்கத்துப் பந்தில் அந்தக் குமிழ் போய்ச் சரியாக உட்காரும் ஒரு குழி திறக்கிறது. ஒன்றோடொன்று கொளுவி, கொளுவி, நீளமான கயிறாகத் திரள்கின்றன. 14 இழை சேர்ந்த விறைத்த கயிறு. அது செல்லை உள்ளிருந்து குத்தித் தள்ள, வட்டமாக இருந்த சிவப்பணு அரிவாள் போல வளைகிறது. நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜன் ஏறியதும் கயிறு கரைந்து செல் மறுபடி வட்டமாகும். பலமுறை இப்படி வளைந்து நிமிர்ந்த பிறகு நிமிராமலே போய்விடும். விறைத்த செல்கள் சின்ன ரத்தக் குழாய்களை அடைக்கும்போது வருவதுதான் உயிர் போகிற அந்த எலும்பு வலி. சாதாரண சிவப்பணு 120 நாள் இருக்கும். இது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும், அதனால்தான் சோகை.

மாறியது ஒரு மணிதான் என்பதை இங்கிராம் என்பவர் இங்கிலாந்தில் 1956-57-இலேயே கண்டுபிடித்துவிட்டார், அகராதி கிடைப்பதற்கும் முன்னால். அவர் எழுத்தைப் படிக்கவில்லை, புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கி எந்தத் துண்டு வேறு மாதிரி நகர்கிறது என்று பார்த்தார்.

ரிப்போர்ட் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய ரிப்போர்ட்டில் 6-ஆவது இடம் என்றும் புதியதில் 7-ஆவது இடம் என்றும் இருக்கும். கழற்றப்பட்ட அந்த மெத்தியோனினைச் சேர்த்து எண்ணினால் 7, விட்டுவிட்டு எண்ணினால் 6. இரண்டும் ஒரே மாற்றம்தான்.

எழுத்து மாறாம, ஒண்ணு கூடுதலா நுழைஞ்சுட்டா?

அது இன்னும் மோசம். "படம் மரம் கடல்" என்பதை இடைவெளி இல்லாமல் எழுதி மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறோம் என்று வையுங்கள். "படம்"-ஐ அடுத்து ஒரு "க" நுழைந்தால் "படம் கமர ம்கட ல்". அந்த இடத்திலிருந்து எல்லாமே உளறல்.

இதே பீட்டா மரபணுவில், நம் நாட்டில் பலருக்குக் காணப்படும் ஒரு மாற்றம் அப்படிப்பட்டது. AAG-க்கும் TCT-க்கும் நடுவே ஒரு G கூடுதலாக விழுந்துவிடுகிறது. அதன் பிறகு படிக்கும்போது:

```
GAG GAG AAG GTC TGC CGT TAC TGC CCT GTG
GGG CAA GGT GAA CGT GGA TGA
```

கடைசியில் இருக்கும் TGA முற்றுப்புள்ளி. மூல வரியில் அந்த இடத்தில் முற்றுப்புள்ளியே இல்லை, எழுத்துகள் ஓரிடம் தள்ளிப் போனதால் தற்செயலாக உருவானது. 146 மணி வர வேண்டிய மாலை 21 மணியோடு அறுந்துவிடுகிறது. பார்க்கப்போனால் அந்த 21 மணி மாலை கூடச் சேருவதில்லை, இப்படிப் பாதியில் நிற்கும் நகல்களைச் செல்லே அழித்துவிடும். இந்த மரபணுவிலிருந்து பீட்டா மாலை கொஞ்சம் கூட வராது. இதுதான் பீட்டா தலசீமியா. அரிவாள் செல்லில் புரதம் வருகிறது, ஆனால் கோணலாக. இதில் வரவே இல்லை.

பையனுக்கு ரிப்போர்ட்ல AS-னு போட்டிருக்காங்க. நோய் இருக்குன்னு அர்த்தமா?

இல்லைங்க. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று எல்லாருக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி இருக்கிறது. ரிப்போர்ட்டில் A என்பது சாதாரண ஹீமோகுளோபின், S என்பது அரிவாள் செல் ஹீமோகுளோபின்; டிஎன்ஏ எழுத்தான A வேறு. AS என்றால் ஒன்று சாதாரணம், ஒன்றில் GTG. செல்லுக்குள் நல்ல ஹீமோகுளோபின் பாதிக்கு மேல் இருப்பதால் அந்தக் கயிறு எளிதில் திரள முடிவதில்லை. பையன் ஓடலாம், ஆடலாம், மாத்திரை வேண்டாம். SS என்று இருந்தால் நோய்.

இந்த S எழுத்து இவ்வளவு காலம் மறையாமல் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. AS உள்ள குழந்தைகளை மூளையைத் தாக்கும் கொடிய மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை. மலேரியா அதிகமிருந்த காட்டுப் பகுதிகளில் அவர்கள் பிழைத்தார்கள், எழுத்தும் பிழைத்தது. இந்தியாவில் இது முதலில் தெரியவந்தது 1952-இல், நீலகிரி மலைவாழ் மக்களிடம். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கச் சொல்வதும் இதனால்தான்.

கட்டிக்கப் போறவங்க ரெண்டு பேருக்கும் AS இருந்தா?

ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு குழந்தை SS ஆக, நாலில் இரண்டு AS ஆக, நாலில் ஒன்று முழுக்கச் சாதாரணமாக. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று ஒரு பாட்டி ஆறுதல் சொன்னார். அப்படிக் கணக்கு வைத்துக்கொள்ள டிஎன்ஏவுக்குத் தெரியாது, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சீட்டு எடுப்பதுதான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவருக்கு AS, மற்றவருக்கு மேலே சொன்ன தலசீமியா எழுத்து. இருவருமே ஆரோக்கியமாக இருப்பார்கள். குழந்தைக்கு இரண்டும் சேர்ந்து வந்தால் நல்ல பீட்டா மாலை ஒன்றும் கிடைக்காது, SS போலவே நோய் வரும். அதனால் S மட்டும் பார்த்தால் போதாது, தலசீமியாவும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்காட்டுக் குளிர்ல இருக்கறது ஆபத்துங்களா?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். AS உள்ளவர்களுக்கு இந்த உயரம் பொதுவாக ஒன்றும் செய்யாது. SS உள்ளவர்களுக்கு உயரத்தைவிடக் குளிர், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, காய்ச்சல் ஆகியவைதான் வலியைக் கிளப்பும். மார்கழியில் ஸ்வெட்டர், கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி.

இந்த டெஸ்ட் தப்பாப் போகுமா?

போகும். நானே அனுபவித்திருக்கிறேன்.

முகாமில் செய்வது கரைதிறன் சோதனை. ஆக்சிஜனைப் பிடுங்கும் ஒரு மருந்தில் ரத்தத்தை விட்டு, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளை வைப்போம். கோடு தெளிவாகத் தெரிந்தால் S இல்லை. கலங்கிப்போய்க் கோடு மறைந்தால் S இருக்கிறது. கயிறு திரள்வதைத்தான் கலங்கலாகப் பார்க்கிறோம். ஆனால் AS-ஆ SS-ஆ என்று இதில் தெரியாது. ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருப்பவருக்குக் கலங்கல் போதாமல் "இல்லை" என்று வந்துவிடும். பிறந்த குழந்தைக்கு இந்தச் சோதனை உதவாது. அப்போது அதன் ரத்தத்தில் பெரும்பாலும் கருவிலிருந்தபோது செய்த வேறு வகை ஹீமோகுளோபின்தான் இருக்கும், பீட்டா மாலை மாதக்கணக்கில் மெதுவாகத்தான் கூடும்.

அடுத்து ஹெச்பிஎல்சி என்ற கருவிச் சோதனை. இது A எவ்வளவு, S எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். AS என்றால் S ஏறக்குறைய 35-40 சதவீதம். SS என்றால் A அனேகமாக இருக்காது. ஒரு முறை ஒரு சிறுமிக்கு ஹெச்பிஎல்சியில் AS மாதிரி வந்தது. ஆனால் அவள் அடிக்கடி வலியில் துடிப்பதாக அம்மா சொன்னார், கணக்கு உதைத்தது. விசாரித்தால், மூன்று வாரத்துக்கு முன் வேறொரு இடத்தில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், அதைச் சீட்டில் யாரும் எழுதவில்லை. நான் அளந்த A யாரோ முகம் தெரியாத கொடையாளியுடையது. அவள் SS. அன்றிலிருந்து "ரத்தம் ஏற்றினீர்களா, எப்போது?" என்று கேட்காமல் நான் ஊசியை எடுப்பதில்லை.

எழுத்தையே பார்க்கும் டிஎன்ஏ சோதனை இந்தக் குழப்பங்களைத் தாண்டும். பழைய முறை ஒன்று அழகானது. CCT, நடுவே ஏதாவது ஓர் எழுத்து, பிறகு AGG என்ற ஏழு எழுத்து வரிசையைக் கண்டால் மட்டும் வெட்டும் ஒரு நொதி உண்டு. மேலே எழுதிய வரியில் இடைவெளியை நீக்கிப் பாருங்கள், CCT GAG G. அங்கே வெட்டும். GTG ஆகிவிட்டால் CCTGTGG, அடையாளம் தெரியாமல் நொதி கடந்துபோய்விடும். வெட்டுப்பட்டால் சின்னத் துண்டு, படாவிட்டால் பெரிய துண்டு. AS என்றால் இரண்டும்.

எல்லாச் செல்லுலயும் ஒரே டிஎன்ஏதான்னா, கண்ணுல ஏன் ஹீமோகுளோபின் ஊறல?

எழுத்து இருப்பது வேறு, படிக்கப்படுவது வேறு. கண் செல்லிலும் பீட்டா மரபணு முழுதாக இருக்கிறது, ஆனால் இறுகச் சுருட்டி மூடியிருக்கிறது. மரபணுக்களுக்கு முன்னும் தூரத்திலும் சுவிட்சு மாதிரி சில எழுத்து வரிசைகள் உண்டு. சில புரதங்கள் வந்து அங்கே உட்கார்ந்தால்தான் நகல் எடுப்பது ஆரம்பிக்கும். சிவப்பணுவாகப் போகிற செல்லில் மட்டும் அந்தப் புரதங்கள் இருக்கின்றன. நம் 300 கோடி எழுத்தில் புரதத்துக்கு நேராக எழுதியது ஒன்றிரண்டு சதவீதம்தான். மிச்சத்தில் ஒரு பகுதி இப்படிப்பட்ட சுவிட்சுகள்.

இதைச் சும்மா தகவலாக நினைக்காதீர்கள், வைத்தியமே இதில்தான் இருக்கிறது. கருவில் இருக்கும்போது பீட்டாவுக்குப் பதில் காமா என்ற மாலையைச் செய்தோம். பிறந்த பிறகு அந்தச் சுவிட்சு அணைகிறது. காமா மாலை இருக்கும் ஹீமோகுளோபின் கயிறாகத் திரளாது. அதனால்தான் SS குழந்தைகள் முதல் சில மாதங்கள் நன்றாக இருப்பார்கள். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை அந்தக் காமாவைக் கொஞ்சம் திரும்பக் கூட்டுகிறது. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி என்ற மரபணு வைத்தியமும் அதையேதான் செய்கிறது. நோயாளியின் ரத்த மூலச்செல்லை வெளியே எடுத்து, காமாவை அணைத்து வைக்கும் ஒரு புரதத்தின் சுவிட்சை வெட்டிவிடுகிறார்கள். "GTG-யைத் திருத்தி GAG ஆக்கிவிட்டார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பிழை அப்படியேதான் இருக்கிறது, பழைய அட்டையை மறுபடி ஓட விடுகிறார்கள், அவ்வளவுதான். அனுமதி கிடைத்தபோது அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலராக இருந்தது. இங்கே மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும்தான் இப்போதைக்கு.

தோட்டத்துக் காப்பிச் செடியிலயும் இதே நாலு எழுத்தா?

அதே நாலு எழுத்து, அகராதியும் கிட்டத்தட்ட அதேதான். அராபிகாவுக்கு 44 குரோமோசோம், ரோபஸ்டாவுக்கு 22, நமக்கு 46. எண்ணிக்கையை வைத்துப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவு சொல்றீங்க, கண்ணால பார்க்க முடியுமா?

முடியும், பள்ளிக்கூட முகாம்களில் செய்து காட்டுவேன். அரை வாழைப்பழத்தை நன்றாகப் பிசைந்து, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து அதில் விடுங்கள். நுரை வராமல் மெதுவாகக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். சோப்பு செல்லின் கொழுப்புச் சவ்வைக் கரைத்துவிடும். துணியில் வடிகட்டி, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஸ்பிரிட்டை ஃபிரிட்ஜில் குளிரவைத்து, டம்ளரின் ஓரமாகச் சாய்த்து மேலே நிற்கும்படி ஊற்றுங்கள். அடுப்பு, தீக்குச்சி பக்கத்தில் வேண்டாம். டிஎன்ஏ ஸ்பிரிட்டில் கரையாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக, சளி மாதிரி ஒன்று மிதந்து எழும். குச்சியில் சுற்றி எடுக்கலாம்.

அதில் வாழைப்பழத்தின் பெக்டினும் கொஞ்சம் புரதமும் ஒட்டியிருக்கும், சுத்தமான டிஎன்ஏ என்று சொல்ல மாட்டேன். எழுத்தும் அதில் தெரியாது. போன தடவை ஒரு பையன் குச்சியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல எங்க மேடம் GAG?" என்றான்.